பேச்சு நின்ற மூதாட்டி: டெலிரியமா, மறதிநோயா, மனச்சோர்வா?

வெள்ளிக்கிழமை காலை எலும்புப் பிரிவிலிருந்து ஒரு ரெஃபரல் தாள் வந்தது. "72 வயதுப் பெண். இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை முடிந்து 4ஆம் நாள். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, நடைப்பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை. 8 மாதங்களுக்கு முன்பு கணவர் இறந்துவிட்டார். மனச்சோர்வு? எஸ்கிட்டலோபிராம் தொடங்கலாமா?" அதே தாளின் நகல் மனநலப் பிரிவுக்கும் போயிருந்தது. நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே உள்ளன.

அந்தத் தாளை எழுதிய இளம் மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். விதவை, அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர். இந்தக் கதையைக் கேட்ட எவருக்கும் மனச்சோர்வு என்றுதான் தோன்றும். கதை அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதுதான் ஆபத்து. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதையே எண்ணிப் பார்த்தது. மனச்சோர்வு என்று மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்ட முதிய உள்நோயாளிகள் 67 பேரில் 28 பேருக்கு உண்மையில் இருந்தது டெலிரியம், அதாவது உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மூளைக் குழப்பம். பாதிக்குச் சற்றுக் குறைவு.

டெலிரியம் என்றதும் நம் மனதில் வருவது ஜன்னி கண்டவர். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்குவார், கட்டிலிலிருந்து இறங்குவார், பிதற்றுவார். அப்படிப்பட்டவரை யாரும் தவறவிடுவதில்லை. வார்டே எழுந்து நிற்கும். தவறிப்போவது ஓசையில்லாத வகை. கூப்பிட்டால் கண் திறப்பார், "உம்" என்பார், மறுபடி கண் மூடிக்கொள்வார். செவிலியருக்கும் தொந்தரவில்லை, பக்கத்துப் படுக்கைக்கும் தொந்தரவில்லை. நம் மூதாட்டி இந்த வகை.

படுக்கையருகே போனபோது அவர் கண்கள் பாதி மூடியிருந்தன. "பாட்டி" என்று கூப்பிட்டேன், அசைவில்லை. தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பெயரைச் சரியாகச் சொன்னார். ஊர் எது என்று கேட்டேன். பதில் வருவதற்குள் பார்வை என் முகத்திலிருந்து நழுவி, மின்விசிறிக்குப் போய், பிறகு இமை கவிழ்ந்துவிட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி நழுவியது. இந்த நழுவலைத்தான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவேன். மனச்சோர்வு உள்ளவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பேச மறுப்பார், அழுவார். ஆனாலும் விழித்திருப்பார், நீங்கள் சொல்வது அவருக்குள் போய்க்கொண்டிருக்கும். பேச விருப்பமில்லாமல் இருப்பதும், பேச்சைப் பிடித்துக்கொள்ள முடியாமல் இருப்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். ரவுண்ட்ஸில் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. தலைமாட்டில் உட்கார வேண்டும்.

அடுத்தது கவனத்தைச் சோதிப்பது. புத்தகம் சொல்வது, டிசம்பரிலிருந்து ஜனவரி வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் செய்வது. பள்ளிக்கூடமே போகாத, ஆங்கில மாதங்களைக் காலண்டர் தாளில் மட்டும் பார்த்த ஒருவருக்கு இது கவனச் சோதனை ஆகாது, படிப்புச் சோதனையாகிவிடும். தமிழ் மாதங்களும் எல்லோருக்கும் வரிசையாக வருவதில்லை. நான் கிழமைகளைக் கேட்பேன். கிழமைகள் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஞாயிறிலிருந்து நேராகச் சொல்லச் சொல்லுங்கள். அது நாக்கின் பழக்கம், அரைத் தூக்கத்திலும் வரும். பிறகு சனியிலிருந்து திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இப்போது ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தையதைத் தேட வேண்டும். அந்தப் பிடிமானம்தான் டெலிரியத்தில் முதலில் போவது.

மூதாட்டி நேராகச் சொன்னார், சற்று இழுத்து இழுத்து, ஆனால் முழுதும் சரி. பின்னோக்கிக் கேட்டதும், "சனி... வெள்ளி... வெள்ளிக்கிழமை சந்தை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மௌனம். "என்ன கேட்டீர்கள்?" என்றார். விடை தெரியாதவர் "தெரியவில்லை" என்பார். கேள்வியே கையிலிருந்து விழுந்துவிட்டவர்தான் இப்படிக் கேட்பார்.

சந்தேகம் மிச்சமிருந்தால் கையை அழுத்தும் சோதனை இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்லி, 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். இரண்டுக்கு மேல் தவறினால் கவனம் குலைந்திருக்கிறது என்று பொருள். எழுத்தறியாதவர்களிடம் நான் எண்களைச் சொல்லி, "நான்கு என்னும்போது மட்டும் அழுத்துங்கள்" என்கிறேன். இது என் வசதிக்கான மாற்றம்தான். முறையாக அளந்து நிறுவப்பட்டது அல்ல என்பதால் இதன் முடிவை மதிப்பெண்ணாக எழுதுவதில்லை. மூதாட்டி முதல் நான்குக்கு அழுத்தினார். அடுத்து ஏழுக்கு அழுத்தினார். அதன் பிறகு கை என் கையில் சும்மா கிடந்தது.

இனி கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இது எப்போது தொடங்கியது? இதற்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது, கேஸ் ஷீட்டும் சொல்லாது. நம் வார்டுகளில் இதற்கான ஆள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறார். ஆனால் சரியான ஆளைப் பிடிக்க வேண்டும். பகலில் கூட இருந்தது கல்லூரிப் பேரன். அவனைக் கேட்டபோது, "பாட்டி தூங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள், சார்" என்றான். இரவில் இருப்பது மருமகள். அவரை மாலையில் வரவழைத்துக் கேட்டேன். எலும்புப் பிரிவில் யாரும் அவரிடம் பேசியிருக்கவில்லை. அவர் வருவது எல்லா ரவுண்ட்ஸும் முடிந்த பிறகு.

மருமகள் சொன்னது இது. ஞாயிறு வரை அத்தை வலியில் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு எல்லாம் தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை அறுவை. செவ்வாய் இரவு நன்றாகப் பேசினார், காபி கேட்டார். புதன் நள்ளிரவில் போர்வையைப் பிடுங்கிப் பிடுங்கி எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். "மாடு அவிழ்ந்துவிட்டது, உன் மாமாவைக் கூப்பிடு" என்றார். மாமா இறந்து 8 மாதம் ஆகிறது. விடியும்போது அடங்கிவிட்டார். வியாழன் பகல் முழுதும் தூக்கம். வியாழன் இரவில் மறுபடியும் அதே. "டாக்டரிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டேன். "பெரியவர்கள் என்றால் இப்படித்தான் பேசுவார்கள் என்று நர்சம்மா சொன்னார்கள்" என்றார்.

இரண்டே நாளில் தொடங்கியிருக்கிறது, இரவில் ஏறுகிறது, பகலில் அடங்குகிறது. இவ்வளவு சரியாக நாளும் பொழுதும் சொல்ல முடிகிற தொடக்கம் டெலிரியத்துக்கே உரியது. மறதிநோய் எந்தக் கிழமையில் தொடங்கியது என்று எந்தக் குடும்பமும் சொல்லிவிடாது. மனச்சோர்வு வாரக்கணக்கில் வரும்.

நான்கு கூறுகள் கொண்ட 4AT என்னும் அளவுகோலில் எழுதிப் பார்த்தோம். விழிப்புநிலை தெளிவாகவே குலைந்திருக்கிறது: 4. வயது, பிறந்த தேதி, இடம், ஆண்டு ஆகிய நான்கு கேள்விகளில் இரண்டு அல்லது அதற்கு மேல் தவறு: 2. கவனம், தொடங்கிப் பாதியில் நின்றது: 1. திடீர் மாற்றமும் ஏற்ற இறக்கமும்: 4. மொத்தம் 12க்கு 11. நான்கோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் இருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். இந்த அளவுகோலில் நமக்கு இடிக்கும் ஒரு வரி பிறந்த தேதி. நம் முதியவர்கள் பலருக்கு ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். அது பதிவு செய்தவர் வைத்த தேதி. "வெள்ளம் வந்த வருஷம் பிறந்தேன்" என்பவர் தவறாகச் சொல்லவில்லை. அந்த வரியை நான் தவறாக எண்ணி மதிப்பெண் கூட்டுவதில்லை, விடையை மட்டும் குறித்து வைப்பேன். கிழமைகளை வைத்துக் கவனத்துக்கு இட்ட 1 என்பதும் அளவுகோலின் விதிக்குச் சற்று வெளியே போய் இட்டதுதான். அந்த இரண்டையும் விட்டாலும் இவருக்கு முதல் வரியும் கடைசி வரியும் போதும்.

டெலிரியம் என்று பெயர் வைத்ததோடு நின்றுவிட்டால் ஒரு பயனும் இல்லை. அது காய்ச்சல் மாதிரி. கீழே எது எரிகிறது என்று தேட வேண்டும். முதியவர்களில் பெரும்பாலும் ஒன்றல்ல, மூன்று நான்கு காரணங்கள் சேர்ந்து எரியும்.

மருந்துச் சீட்டை எடுத்தேன். ஆன்டிபயாடிக் ஊசியால் அரிப்பு வந்ததென்று ஃபெனிரமின் ஊசி, தினம் இரண்டு. இரவில் தூங்குவதற்குப் ப்ரோமெத்தசின் 25 மில்லிகிராம். வலிக்கு டிரமடால். வீட்டில் சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைட். அதையும் நிறுத்தாமல் தொடர்ந்திருக்கிறார்கள். ட்ரிப்ஸ் பெரும்பாலும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். முதல் இரண்டும் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப்பொருளைத் தடுப்பவை. கவனத்தைத் தாங்கிப் பிடிப்பதே அந்தப் பொருள்தான். அது குறைந்தால் மூளை மட்டும் மந்தமாவதில்லை. வாய் உலரும், நாடி ஓடும், குடல் நின்றுபோகும், சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கும்.

அதனால் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரை இறுகிய மேடு, தட்டினால் மந்த ஓசை. செவிலியர் குறிப்பேட்டில் "சிறுநீர் தன்னையறியாமல் போகிறது, படுக்கை நனைகிறது" என்று இருந்தது. புதன் காலையில் யூரின் டியூபை எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு பை நிறைந்து வழிந்ததை, கட்டுப்பாடில்லாமல் போவதாக எழுதியிருக்கிறார்கள். டியூப் போட்டதும் 750 மில்லி வந்தது. படுக்கை நனைகிறது என்ற குறிப்பைப் பார்த்தால் டயாப்பர் வாங்கிவரச் சொல்வதற்கு முன்னால் வயிற்றைத் தட்டிப் பாருங்கள். மலக்குடலிலும் கெட்டிப்பட்ட மலம். சனிக்கிழமை அட்மிஷன் ஆனதிலிருந்து ஒரு முறைகூட மலம் போகவில்லை, ஆறு நாள்.

ரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜனும் சரியாக இருந்தன. சோடியம் 121, மிகக் குறைவு. அட்மிஷனில் 134. சிறுநீர்ப் பரிசோதனையில் கொஞ்சம் சீழ்செல்கள் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, "யூரின் இன்ஃபெக்ஷனால் டெலிரியம்" என்று எழுதி ஆன்டிபயாடிக்கை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். டியூப் இருந்து எடுத்த முதிய பெண்ணின் சிறுநீரில் சீழ்செல்கள் இருப்பது சாதாரணம். காய்ச்சல் இல்லை, விலாப்பக்க வலி இல்லை, அதைவிடப் பெரிய காரணங்கள் கண்முன் இருக்கின்றன. விட்டுவிட்டோம்.

ரெஃபரல் தாளில் கேட்டிருந்த எஸ்கிட்டலோபிராமை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். அந்த வகை மருந்துகள் முதியவர்களில் சோடியத்தைக் குறைக்கும், தயசைடோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக. 121இல் நின்றவருக்கு அன்றே அதைத் தொடங்கியிருந்தால் அடுத்த வாரம் வலிப்பு வந்திருக்கக்கூடும். டெலிரியத்தை மனச்சோர்வாகப் படிப்பது வெறும் பெயர்க் குழப்பம் அல்ல என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஃபெனிரமின், ப்ரோமெத்தசின், டிரமடால், தயசைடு நான்கையும் நிறுத்தினோம். வலிக்குப் பாராசிட்டமால், நேரம் தவறாமல். வலி அடங்காமலிருப்பதும் டெலிரியத்தைத் தூண்டும் என்பதால் கேட்டால் மட்டும் கொடுப்பது என்று விடவில்லை. டெக்ஸ்ட்ரோஸை நிறுத்தி நார்மல் சலைன், அளவாக. ஆறு மணிக்கு ஒரு முறை சோடியம் பார்த்தோம், 24 மணி நேரத்தில் 8 புள்ளிகளுக்கு மேல் ஏறக் கூடாது என்பதற்காக. தயசைடு நின்றதும் உடல் நீரை வேகமாகக் கழிக்கும், சோடியம் தாவிவிடும். சனி காலை 126, ஞாயிறு 130, செவ்வாய் 134. எனிமா கொடுத்தோம். மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது, பேரன் போய் எடுத்துவந்தான். படுக்கையை ஜன்னல் ஓரம் மாற்றினோம். இரவுத் துணைக்கு மருமகளே இருக்கட்டும், ஆள் மாற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். ஹாலோபெரிடால் கொடுக்கவில்லை. அது டெலிரியத்தைக் குணப்படுத்தும் மருந்தல்ல. நோயாளி பயத்தில் துடித்தாலோ தனக்கே தீங்கு செய்துகொள்ளும் நிலையிலோ, வேறு வழியில்லாதபோது, சிறிய அளவில் கொடுப்பது. படுத்துக் கிடப்பவருக்கு அதற்கு வேலை இல்லை.

மனநல மருத்துவர் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "விழித்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள்." அந்த வரியை எங்கள் பாடத்தாளில் அப்படியே சேர்த்துக்கொண்டோம்.

ஞாயிறு பகலில் இட்லி சாப்பிட்டார், பேரனிடம் பேசினார். திங்கள் இரவு மறுபடி குழப்பம். வார்டில் எல்லோரும் சோர்ந்துபோனார்கள். டெலிரியம் நேர்கோட்டில் இறங்குவதில்லை. சோடியம் சரியான பிறகும் மூளை தெளிய நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். புதன்கிழமை கிழமைகளைப் பின்னோக்கி முழுதும் சொன்னார், மெதுவாக.

இப்போதுதான் மறதிநோயைப் பற்றிக் கேட்க முடியும். டெலிரியம் இருக்கும்போது நினைவாற்றல் மதிப்பெண் போட்டு "டிமென்ஷியா" என்று எழுதுவது, காய்ச்சலில் எடை பார்த்து ஆயுளுக்கும் ஒட்டவைப்பது போல. ஆனால் குடும்பத்தாரிடம் பழைய கதையை அப்போதே கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏனென்றால் டெலிரியத்துக்கு எளிதில் ஆளாகும் மூளை பெரும்பாலும் முன்பே கொஞ்சம் தேய்ந்த மூளை.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "மறதி உண்டா?" என்று கேட்டால் "வயதானால் மறதி வராதா, சார்?" என்றுதான் பதில் வரும். மருமகளும் அதையே சொன்னார். ஆகவே வேலைகளைக் கேட்டேன். சமையல் யார்? ஒன்றரை வருடமாக நான்தான், அத்தை குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போடுவார், ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டிருந்தது. பணம் யார் கையில்? இங்கே மருமகள் சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: அத்தை தெருவில் பதினைந்து பேருக்குச் சீட்டு நடத்தியவர். நோட்டுப் புத்தகமே கிடையாது, எல்லாக் கணக்கும் தலைக்குள். இரண்டு வருடத்துக்கு முன் ஒருவருக்கு இரண்டு முறை பணம் கொடுத்துவிட்டுச் சண்டையாகி, சீட்டையே விட்டுவிட்டார். மாமா இறந்ததற்கு வெகுநாள் முன்பே.

வெளியூரில் இருக்கும் மகள் வந்ததும் மறுத்தார். "அம்மா என்னிடம் தினமும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். அண்ணிதான் ஏதேதோ சொல்கிறார்கள்." இருவருமே உண்மைதான் பேசினார்கள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்ற போன் பேச்சு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து வழவழப்பான தடம். மறதிநோயின் ஆரம்பத்தில் அது அப்படியே நிற்கும். ஒரே அடுப்படியில் நிற்பவர் சொல்வதைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். மாமியார் மருமகள் மனத்தாங்கல் எதையாவது கூட்டிச் சொல்ல வைக்கும் என்ற எச்சரிக்கையோடு, பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்பேன். இங்கே அவரும் சீட்டுச் சண்டையைச் சொன்னார்.

மூன்றாவதாக மனச்சோர்வு. டிஸ்சார்ஜுக்கு முன், தெளிந்து இரண்டு நாள் கழித்து, உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலை வாசித்துக் கேட்டோம். ஆம், இல்லை என்ற பதில் போதும் என்பதால் எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. 5 அல்லது அதற்கு மேல் என்றால் மேலும் பார்க்க வேண்டும். இவருக்கு 3. கணவரைப் பற்றிப் பேசும்போது அழுதார். பேச்சு பேத்தியின் கல்யாணத்துக்குத் திரும்பியதும் முகம் மலர்ந்தது, கல்யாணப் புடவை என்ன நிறம் என்று என்னிடமே சொன்னார். துக்கம் இருக்கிறது, மனச்சோர்வு இல்லை. மனநல மருத்துவரும் அதையே சொன்னார்.

அதே வாரம் எங்கள் வார்டில் நேர்மாறான ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், 70 வயதைத் தாண்டியவர், இதயச் செயலிழப்புக்காக வந்தவர். மறதிநோய் என்று முன்பே ஒரு சீட்டில் எழுதிவிட்டிருந்தார்கள். இந்த ஆண்டு எது? "தெரியாது." பிரதமர் யார்? "தெரியாது, சார், விடுங்கள்." கண் என் மீதே இருந்தது. கிழமைகளைப் பின்னோக்கிக் கேட்டேன். நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு விநாடி எடுத்து, ஏழையும் சரியாகச் சொன்னார். மறதிநோய் உள்ளவர் இப்படி "தெரியாது" என்று கைவிடுவது குறைவு. ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், இல்லாவிட்டால் திரும்பிக் கூட இருப்பவரின் முகத்தைப் பார்ப்பார், "நீயே சொல்" என்பதுபோல. இவர் யாரையும் பார்க்கவில்லை. மனைவி சொன்னபடி மாற்றம் மூன்று மாதமாக: விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, சாப்பாடு பாதி, சீட்டாட்ட நண்பர்கள் வந்தால்கூட உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு அளவுகோலில் 11. உயிரோடு இருப்பதைப் பற்றி நேராகக் கேட்டேன். "காலையில் எழுந்திருக்காமல் போனால் நல்லது" என்றார். இந்தக் கேள்வியைக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள், தூண்டாது. கேட்டதோடு, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, மாத்திரைகள் யார் வசம் என்பதையும் கேட்டாக வேண்டும். செர்ட்ராலின் 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் சோடியம் பார்த்தோம். இவர் போன்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு, சிலருக்குப் பின்னால் வரப்போகும் மறதிநோயின் முன்வரவாக இருக்கிறது.

இந்த இரண்டு படுக்கைகளுக்குப் பிறகுதான் எங்கள் பழைய பாடத்தாளைக் கிழித்தோம். அதில் மூன்று பத்திகளாக ஒரு அட்டவணை இருந்தது. தொடக்கம், போக்கு, கவனம், தூக்கம், மனநிலை என்று பத்து வரிகள். தேர்வுக்கு நல்லது. படுக்கையருகே அது உதவாததற்குக் காரணம், நோயாளி ஏதாவது ஒரு பத்தியில்தான் இருப்பார் என்று அட்டவணை நினைக்கிறது. மூதாட்டி இரண்டு பத்தியில் ஒரே நேரத்தில் இருந்தார், மூன்றாவதைப் போல் தோற்றமளித்தார். எனவே நோய்களை விட்டுவிட்டு, கேள்விகளை வரிசைப்படுத்தினோம். இப்போது டியூட்டி அறைச் சுவரில் இருப்பது இவ்வளவுதான்:

1. தலைமாட்டில் உட்காரு. கூப்பிட்டதும் விழிக்கிறாரா, பேசும்போது பார்வை நிற்கிறதா?

2. கிழமைகளை நேராக, பிறகு சனியிலிருந்து பின்னோக்கி. எங்கே நிற்கிறார், எப்படி நிற்கிறார் என்று அப்படியே எழுது.

3. இரவில் கூட இருந்தவரைக் கேள்: "போன வாரம் இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிகிறதா? எந்த நாளிலிருந்து?"

4. முதல் மூன்றில் திடீர் மாற்றமும் கவனக் குலைவும் இருந்தால், வேறு எது இருந்தாலும், இன்றைக்கு இது டெலிரியம். மருந்துச் சீட்டு, சிறுநீர்ப்பை, மலம், ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், வலி, தொற்று. கண்ணாடியும் காதுக்கருவியும் எங்கே?

5. மறதிநோய்க்கு வேலைகளைக் கேள்: சமையல், பணம், மாத்திரை, வழி. ஒரே வீட்டில் இருப்பவரைக் கேள். பெயர் வைப்பது இப்போது அல்ல, மூன்று மாதம் கழித்து.

6. மனச்சோர்வு அளவுகோல், விழித்த பிறகு மட்டும். தனியாக. சாவைப் பற்றி நேராகக் கேள்.

நான்காம் வரியில் "இன்றைக்கு" என்ற சொல்லுக்காக அரை மணி நேரம் வாதாடினோம். பழைய மறதிநோய் உள்ளவர் வந்தால், "இவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடும் வழக்கத்தை உடைக்கத்தான் அந்தச் சொல். மறதிநோய் உள்ளவருக்கு டெலிரியம் வருவது அபூர்வமல்ல, அவருக்குத்தான் அதிகம் வரும். அவருடைய வழக்கமான நிலை எது என்று தெரிந்தவர் வீட்டு ஆள் மட்டுமே.

இந்தத் தாள் இடறும் இடம் ஒன்று உண்டு. மூளைச் செல்களில் புரத உருண்டைகள் சேர்ந்து வரும் லூயி உருண்டை மறதிநோயில் ஏற்ற இறக்கம் மாதக்கணக்கில் இருக்கும், கவனமும் குலையும், குழந்தைகளோ பூனைகளோ அறையில் இருப்பதாகத் தெளிவாகக் காண்பார்கள். முதல் நான்கு வரிகளும் டெலிரியம் என்றே காட்டும். காரணம் தேடி ஒன்றும் அகப்படாமல், கை கால் விறைப்பும் சிற்றடி நடையும் பல மாதமாக இருந்தால் அதை நினைக்க வேண்டும். அவர்களுக்கு ஹாலோபெரிடால் கொடுத்தால் உடல் கட்டையாகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

மூதாட்டி 12 வாரம் கழித்து வாக்கர் பிடித்து நடந்துவந்தார். கிழமைகள் பின்னோக்கிச் சரளமாக வந்தன. நான் சொன்ன மூன்று பொருள்களை ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன், ஒன்றும் நினைவில்லை. "ஏதோ பூ சொன்னீர்கள்" என்று சிரித்துவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். நான் பூ எதுவும் சொல்லவில்லை. தைராய்டு, வைட்டமின் பி12 சரியாக இருந்தன. தலை ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை. அன்றுதான் மறதிநோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன், மகளையும் உட்காரவைத்துக்கொண்டு. சீட்டுக் கணக்கு விட்டுப்போன கதையை இந்த முறை மகளே கேட்டுத் தெரிந்துகொண்டார். டோனெப்பெசில் 5 மில்லிகிராம், நாடித் துடிப்பைப் பார்த்த பிறகு. மருமகள் கையில் இருந்த ஃபைலின் முகப்பில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: தயசைடு வேண்டாம், தூக்கத்துக்கோ அரிப்புக்கோ சளிக்கோ ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின், ப்ரோமெத்தசின் கொடுக்க வேண்டாம். மருந்துக்கடையில் காட்டவா என்று கேட்டார். முதலில் அங்கேதான் காட்ட வேண்டும் என்றேன்.